பாக்கி வந்தால்தான் அசல் கப்பல் ரசீது
மட்டாஞ்சேரி ஏற்றுமதிக் குமாஸ்தா அறிய வேண்டிய ஒரு கடிதம்

இடப்பள்ளியிலிருந்து வல்லார்பாடம் வரை சரக்கு ரயிலுக்கென்றே ஒரு பாதை போடப்பட்டிருக்கிறது. வேம்பநாட்டுக் காயலின் மீது 4.62 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் கட்டி, தீவுகளைத் தொட்டுக்கொண்டு அது கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்கிறது. 2011ல் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டதிலிருந்து கொச்சியின் கன்டெய்னர் கப்பல்கள் அங்கேதான் வந்து நிற்கின்றன. மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மூட்டை கட்டப்படும் மிளகும் ஏலக்காயும் சுக்கும் லாரியேறி அந்த முனையத்துக்குப் போய், அங்கிருந்து கடல் கடக்கின்றன.

கப்பல் கிளம்பிய பிறகு அந்தச் சரக்கு யாருடையது? அதை ஏற்றியவருடையதா, வாங்குகிறவருடையதா? இந்தக் கேள்விக்கான விடை கப்பலில் இல்லை. மட்டாஞ்சேரியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் இரும்பு அலமாரியில், மூன்று தாள்களாக இருக்கிறது. அந்த மூன்று தாள்களையும் எப்போது, யாரிடம் கொடுப்பது என்பதில்தான் முதலாளியின் பணமும் குமாஸ்தாவின் பெயரும் அடங்கியிருக்கின்றன.

1957ல் இந்திய மிளகு, நறுமணப் பொருள் வர்த்தகச் சங்கம் தொடங்கப்பட்ட ஊர் மட்டாஞ்சேரி. குஜராத்தி சேட்டுகளும் மலையாளி வியாபாரிகளும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் ஒரே தெருவில் தராசு போட்ட இடம் அது. அங்கே கணக்கு எழுதவும் கப்பல் காகிதம் தயாரிக்கவும் வந்த தமிழர்கள் பலர். அயல்நாட்டு வியாபாரிக்கு அவர்கள் எழுத நேரும் கடிதங்களில் மிகவும் கவனம் தேவைப்படுவது ஒன்று உண்டு. “பாக்கித் தொகை வந்து சேர்ந்த பிறகே அசல் டாக்குமெண்டுகளை அனுப்புவோம்” என்று தெரிவிக்கும் கடிதம்தான் அது.

மூன்று தாள்களின் சக்தி

சரக்கைக் கப்பலில் ஏற்றியதும் கப்பல் கம்பெனியின் ஏஜெண்டு ‘பில் ஆஃப் லேடிங்’ என்ற ரசீதைத் தருகிறார். இதைக் கப்பல் ரசீது என்று சொல்லிக்கொள்வோம். இது வெறும் ரசீது அல்ல. சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கான ஒப்பந்தத்துக்கும் இதுவே சாட்சி. அதைவிட முக்கியம், அசலைக் கையில் வைத்திருப்பவரே சரக்கைப் பெற உரிமையுள்ளவர் என்பது. பாங்கு லாக்கரின் சாவியைப் போன்றது அது. இந்தியாவில் 1856ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நெடுங்காலம் இதை ஆண்டுவந்தது. அதற்குப் பதிலாக 2025ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. தாளின் அடிப்படைத் தன்மை மாறவில்லை.

வழக்கமாக அசல் மூன்று பிரதிகளாகக் கொடுக்கப்படும். கடல் வழியில் ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று போய்ச் சேரட்டும் என்ற பழைய காலத்து ஏற்பாடு இது. ஆனால் ரசீதிலேயே ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும். மூன்றில் ஏதேனும் ஒன்றைக் காட்டிச் சரக்கு எடுக்கப்பட்டுவிட்டால் மற்ற இரண்டும் செல்லாது என்பதே அதன் பொருள். ஆகவே, “மூன்றில் ஒன்றை மட்டும் முன்னதாக அனுப்பி வையுங்கள், சுங்க வேலையைத் தொடங்கிக்கொள்கிறேன்” என்று வாங்குகிறவர் கேட்டால், அவர் கேட்பது முழுச் சரக்கையும்தான். மூன்றில் இரண்டு நம்மிடம் இருக்கிறதே என்று எண்ணுவது ஏமாற்றம். சாவி மூன்று என்றாலும் பூட்டு ஒன்றுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

மட்டாஞ்சேரியில் ஒரு கம்பெனி 12.5 டன் மிளகை 50 கிலோ வீதம் 250 மூட்டைகளாகக் கட்டி, துபாய் ஜெபல் அலி துறைமுகத்துக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு எளிதாக டன் 8,000 டாலர் என்று கொண்டால் மொத்தம் 1,00,000 டாலர். ஒப்பந்தப்படி 30 சதவீதம் முன்பணம். 70 சதவீதம், அசல் அனுப்புவதற்கு முன்பு, கப்பல் ரசீதின் நகலைப் பார்த்து. ஆக 30,000 டாலர் ஏற்கெனவே வந்திருக்கிறது. 70,000 டாலர் பாக்கி.

கப்பல் 5ஆம் தேதி வல்லார்பாடத்தை விட்டுக் கிளம்புகிறது. கப்பல் கூலியும் துறைமுகச் செலவுகளும் கட்டி முடித்ததும் 7ஆம் தேதி ஏஜெண்டு மூன்று அசல்களையும் தருகிறார். 12ஆம் தேதி கப்பல் ஜெபல் அலியை அடையும். அங்கே கன்டெய்னரை இலவசமாக வைத்திருக்க 7 நாள் அவகாசம் என்றால் 19ஆம் தேதி வரை. அதற்குப் பின் நாளுக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம் ஏறும்.

பக்கத்துத் துறைமுகம் என்பதால் இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல் பல வாரங்கள் கடலில் இருக்கும்; பணமும் தாளும் நிதானமாகப் பரிமாறிக்கொள்ளலாம். வளைகுடாவுக்கோ ஒரு வாரத்தில் சரக்கு போய்விடும். தாள் பின்னால் வரும். அப்போது வாங்குகிறவர் அவசரப்படுவார்: “கப்பல் வந்துவிட்டது. கட்டணம் ஏறப்போகிறது. முதலில் தாளை அனுப்புங்கள், இரண்டு நாளில் பணம் அனுப்புகிறேன்.” அவர் பொய் சொல்கிறார் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இந்த அவசரத்தில்தான் பல கம்பெனிகள் தடுமாறுகின்றன. அதனால் கடிதம் கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு அல்ல, அசல் கைக்கு வந்த அன்றே, அதாவது 7ஆம் தேதியே போக வேண்டும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

நம் ஊர்க் குமாஸ்தாக்களில் சிலர் இக்கடிதத்தை எழுதத் தயங்குவார்கள். நெடுநாள் வாடிக்கையாளரை நம்பவில்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடுமே என்ற தயக்கம். வேறு சிலர் அதட்டலாக எழுதிவிடுவார்கள். இரண்டும் தேவையில்லை. புதிய நிபந்தனை எதையும் போடவில்லை, இரு தரப்பும் கையெழுத்திட்டதையே நிறைவேற்றுகிறோம் என்பதுதான் கடிதத்தின் தொனி. ஒப்பந்தத்தின் எண்ணையும் அதில் உள்ள பண விதியையும் சுட்டிக்காட்டினால் கசப்புக்கு இடமிருக்காது.

அதன் சாரம் தமிழில் இப்படி இருக்கலாம்:

“ஐயா, இன்ன எண்ணுள்ள ஒப்பந்தப்படி 250 மூட்டை மிளகு 5ஆம் தேதி கொச்சியில் கப்பலேறிவிட்டது. கப்பல் 12ஆம் தேதி தங்கள் துறைமுகத்தை அடையுமென எதிர்பார்க்கிறோம். இன்வாய்ஸ், மூட்டைப் பட்டியல், கப்பல் ரசீது, பயிர்நோய்ச் சான்று, உற்பத்தி நாட்டுச் சான்று ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன. சரிபார்த்து, பிழை ஏதும் இருந்தால் உடனே தெரிவிக்கவும். முன்பணம் 30,000 டாலர் போக நிலுவை 70,000 டாலர். ஒப்பந்தத்தின் பண விதிப்படி இத்தொகை எங்கள் பாங்கில் வரவானதும், அடுத்த வேலை நாளே அசல் மூன்றையும் அனுப்பிவைப்போம். 11ஆம் தேதிக்குள் பணம் வரவானால் 15ஆம் தேதியளவில் தாள்கள் தங்களைச் சேரும். 19ஆம் தேதி வரை உள்ள இலவச அவகாசத்துக்குள் சரக்கை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பாங்குக் கணக்கு மாறவில்லை. மாறியதாக ஏதேனும் செய்தி வந்தால், தாங்கள் முன்பே அறிந்த எண்ணில் எங்களைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்ட பிறகே பணம் அனுப்பவும்.”

இந்தக் கடிதத்தில் இரண்டு வாசகங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, ‘பாங்கில் வரவானதும்’ என்பது. ‘பணம் அனுப்பியதும்’ என்று எழுதிவிட்டால், பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகலைக் காட்டி வாங்குகிறவர் தாளைக் கேட்பார். அந்த நகல் போலியாக இருக்கலாம். உண்மையானதாக இருந்தாலும் பணம் வழியில் நின்றுபோகலாம். நம் பாங்கு வரவு வைத்ததாகச் சொல்லும் வரை பணம் வரவில்லை என்றே பொருள். மற்றொன்று, கணக்கு எண் பற்றிய எச்சரிக்கை. இரு கம்பெனிகளுக்கும் நடுவே போகும் மின்னஞ்சலைத் திருட்டுத்தனமாகப் படித்து, “எங்கள் கணக்கு மாறிவிட்டது” என்று பொய்க் கடிதம் அனுப்பிப் பணத்தைப் பறிக்கும் கூட்டங்கள் உண்டு. அப்படி நடந்தால் வாங்குகிறவர் பணம் கட்டியிருப்பார், நமக்கு வந்திருக்காது. யார் இழப்பைத் தாங்குவது என்ற சண்டை மிஞ்சும்.

நகல் அனுப்பும்போதும் கவனம் வேண்டும். ‘நகல், மாற்றத்தக்கதல்ல’ என்று முத்திரையிட்ட பிரதியையே அனுப்ப வேண்டும். அசலின் முன்பக்கத்தையும் கையெழுத்திட்ட பின்பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து அனுப்புவது, போலி தயாரிக்க அச்சு கொடுப்பது போலாகும்.

பணம் வரும் முன் பெயர் எழுதும் இடம்

கடிதம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும், ரசீது தவறாகத் தயாரிக்கப்பட்டிருந்தால் அது வெறும் வார்த்தை. ரசீதில் ‘சரக்கைப் பெறுபவர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் வாங்குகிறவரின் பெயரை நேரடியாக எழுதாமல், ‘ஏற்றுமதியாளர் உத்தரவுப்படி’ என்று எழுதச் செய்வது ஒரு வழி. அப்போது ஏற்றுமதியாளர் ரசீதின் பின்பக்கம் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது அடுத்தவர் கைக்குச் செல்லும். வாங்குகிறவரின் பெயரை ‘தகவல் தெரிவிக்க வேண்டியவர்’ என்ற வேறு கட்டத்தில் எழுதலாம்.

பெயரை நேரடியாக எழுதினால் என்ன ஆகும்? அமெரிக்கச் சட்டப்படி, அவ்வாறு பெயர் குறிப்பிட்ட ரசீதில், குறிப்பிடப்பட்டவர் அசலைக் காட்டாமலேயே சரக்கைப் பெறலாம். ‘ஸீ வேபில்’ என்ற வகைத் தாளிலும் அசல் தேவையில்லை. ஆளை அடையாளம் கண்டு சரக்கைக் கொடுப்பார்கள். விமானத்தில் போகும் சரக்குக்கான ‘ஏர்வே பில்’லும் உரிமைப் பத்திரம் அல்ல. இவற்றில் ஏதாவதொன்றில் சரக்கு போன பிறகு “அசலைப் பிடித்து வைத்திருக்கிறோம்” என்று கடிதம் எழுதுவது, பூட்டில்லாத வீட்டுக்குச் சாவியைப் பத்திரப்படுத்துவது போன்றது. ஆகவே ரசீதின் வரைவு ஏஜெண்டிடமிருந்து வரும்போதே, கப்பல் கிளம்பும் முன், இந்தக் கட்டத்தை முதலில் பார்க்க வேண்டும்.

‘டெலக்ஸ் ரிலீஸ்’ என்பதும் இப்போது அதிகமாகக் கேட்கப்படுகிறது. டெலக்ஸ் இயந்திரம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. அசல் மூன்றையும் கொச்சி ஏஜெண்டிடமே திருப்பிக் கொடுத்துவிட்டால், அவர் அயல்நாட்டு அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புவார். அங்கே தாள் இல்லாமலே சரக்கு கொடுக்கப்படும். வளைகுடா போன்ற பக்கத்து இடங்களுக்கு இது நல்ல வசதி. கூரியருக்கான மூன்று நாள் மிச்சமாகிறது. ஆனால் இதைப் பணம் வரவான பிறகே செய்ய வேண்டும். செய்தி போய்ச் சரக்கு கைமாறிவிட்டால் திரும்பப் பெற வழியில்லை.

பாங்கு வழி

வாங்குகிறவர், “தாள் வராமல் நான் பணம் கட்டினால் எனக்கு என்ன பாதுகாப்பு?” என்று கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது. அவருக்கும் 70,000 டாலர் பெரிய தொகைதான். இங்கே பாங்கு நடுவில் வரலாம். ஏற்றுமதியாளர் தம் பாங்கிடம் தாள்களைக் கொடுக்கிறார். அது வாங்குகிறவரின் ஊர்ப் பாங்குக்கு அனுப்புகிறது. அவர் அங்கே போய்ப் பணத்தைக் கட்டித் தாளைப் பெற்றுக்கொள்கிறார். சர்வதேச வர்த்தக சபையின் 522ஆம் எண் விதிகள் 1996 முதல் இத்தகைய வசூலுக்கு வழிகாட்டுகின்றன.

இதில் குமாஸ்தா கவனிக்க வேண்டியது ஒரே ஓர் எழுத்து. ‘டி.பி.’ என்றால் பணம் கட்டினால் தாள். ‘டி.ஏ.’ என்றால் பின்னொரு தேதியில் பணம் தருவதாக உண்டியலில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலே தாள். பாங்கு விண்ணப்பத்தில் தவறான கட்டத்தில் குறியிட்டால், பணம் வராமலே சரக்கு போய்விடும். குற்றம் பாங்கின் மீதும் இல்லை.

ஒரு வழக்கு

அசலைக் காட்டாமலே கப்பல் கம்பெனி சரக்கைக் கொடுத்துவிட்டால்? இதற்குச் சிங்கப்பூரில் நடந்த ஒரு வழக்கு இன்றும் எடுத்துக்காட்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ராம்ப்ளர் சைக்கிள் கம்பெனி சிங்கப்பூர் வியாபாரி ஒருவருக்குச் சைக்கிள் பாகங்கள் அனுப்பியது. பணம் கட்டினால் மட்டுமே கப்பல் ரசீதைக் கொடுக்கும்படி பாங்குக்குச் சொல்லியிருந்தது. வியாபாரி பணம் கட்டவில்லை. ரசீது பாங்கிலேயே கிடந்தது. ஆனால் அவர், பின்னால் ஏதேனும் நேர்ந்தால் ஈடு செய்வதாகத் தாமும் ஸே ஹாய் டோங் பாங்கும் கையெழுத்திட்ட உறுதிப் பத்திரத்தைக் கப்பல் ஏஜெண்டிடம் கொடுத்துச் சரக்கை எடுத்துக்கொண்டார்.

விற்றவர் கப்பல் கம்பெனியின் மீது வழக்குத் தொடுத்தார். சரக்கு இறங்கியதும் தன் பொறுப்பு தீர்ந்தது என்று ரசீதில் அச்சிட்ட விதியைக் கம்பெனி சுட்டிக்காட்டியது. வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1959ல் அது தீர்ப்பளித்தது: ரசீதைக் காட்டாமல் சரக்கைக் கொடுப்பது ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது, அச்சிட்ட விதி அதற்குப் பாதுகாப்புத் தராது. உறுதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்ததால் சுமை பாங்கின் மீது விழுந்தது.

விற்றவருக்கு நியாயம் கிடைத்தது. அது அவருக்குக் கிடைத்ததற்குக் காரணம், தாள் கடைசி வரை அவர் தரப்பிலேயே இருந்ததுதான். இரண்டு நாள் தவணை என்று அசலை அனுப்பியிருந்தால், கப்பல் கம்பெனியைக் கேட்கவே உரிமை இருந்திருக்காது.

பிடித்து வைப்பதற்கும் விலை உண்டு

கடைசியாக ஒரு கசப்பான உண்மை. தாளைப் பிடித்து வைத்திருப்பதால் பணம் வந்துவிடும் என்று உறுதியில்லை. மிளகு விலை இறங்கிவிட்டால், முன்பணத்தைக் கைவிட்டுச் சரக்கையும் எடுக்காமல் விடுகிற வியாபாரி இருக்கலாம். அப்போது துறைமுகக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். எடுக்க ஆள் இல்லையென்றால், சரக்கை ஏற்றியவரிடமே கப்பல் கம்பெனி அதைக் கேட்கும், ஒப்பந்தம் அவரோடுதான்.

நம் கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதே ஊரில் வேறொருவருக்கு டன் 7,000 டாலருக்கு விற்றால் 87,500 டாலர் கிடைக்கும். கட்டணங்களுக்கு 4,500 போனால் மிஞ்சுவது 83,000. ஒரு லட்சத்தில் 17,000 டாலர் குறைகிறது. கையிலிருக்கும் முன்பணம் 30,000 இதைத் தாங்கும். மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டுமா என்பதை ஒப்பந்தம் சொல்லியிருக்க வேண்டும். முன்பணம் 10 சதவீதமாக மட்டும் இருந்திருந்தால் 7,000 டாலர் கைநஷ்டம். ஆகவே முன்பணம் என்பது மரியாதைக்கு வாங்குவது அல்ல. சரக்கை வேறொருவருக்கு விற்கவோ திரும்பக் கொண்டுவரவோ ஆகும் செலவைக் கணக்கிட்டு நிர்ணயிக்க வேண்டியது. சில நாடுகளில், முதலில் பெயர் கொடுத்தவரின் சம்மதக் கடிதம் இல்லாமல் சரக்கை வேறொருவருக்கு மாற்றவோ திருப்பி எடுக்கவோ சுங்கம் விடுவதில்லை. அங்கே அனுப்பும்போது முன்பணம் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும்.

இனி மட்டாஞ்சேரி அலுவலகத்துக்குத் திரும்புவோம். 11ஆம் தேதி மாலை வாங்குகிறவர் ஸ்விஃப்ட் நகலை அனுப்பியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேட், “அவர் நல்ல மனிதர்தான், அனுப்பிவிடலாமே” என்கிறார். குமாஸ்தா, “நல்ல மனிதர்தான் முதலாளி. நாளைக் காலை பாங்கில் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்” என்கிறார். மறுநாள் பத்தரை மணிக்குப் பாங்கு, 70,000 டாலர் வரவாகிவிட்டதென்று சொல்கிறது. பதினொன்றரைக்கு மூன்று அசல்களும் பின்பக்கம் கையெழுத்தாகிக் கூரியருக்குப் போகின்றன. அனுப்பிய எண் அரைமணி நேரத்தில் துபாய்க்குத் தெரிவிக்கப்படுகிறது. 15ஆம் தேதி தாள் சேர்கிறது. 19க்கு முன் மிளகு வெளியேறுகிறது. அந்த ஓர் இரவு காத்திருந்ததால் வாங்குகிறவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. அதற்கான நாட்கணக்கு 7ஆம் தேதிக் கடிதத்திலேயே இருந்தது.